பொசிஷனாலிட்டி பகுதி சுயசரிதை மாதிரி இருக்குன்னு கைடு திருப்பிட்டார். எதை வெட்டுறது?

நூல்கண்டு
வணக்கம். சமூகவியல் பிஎச்.டி., தீசிஸ் தமிழில். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள், முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கடனோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. 24 நேர்காணல், ரிஃப்ளெக்ஸிவ் தீமாட்டிக் அனாலிசிஸ். மூன்றாம் இயலில் 'ஆய்வாளரின் நிலைப்பாடு' என்று 900 சொல்லில் எழுதியிருந்தேன். "இது உன் கதை. 300 சொல்லுக்குள் கொண்டு வா" என்று கைடு திருப்பிவிட்டார். முதல் பத்தி இது:

> நான் தறிச்சத்தத்தில் வளர்ந்தவள். என் தந்தை பன்னிரண்டு வயதிலேயே தார் சுற்றப் போனவர். தாய்மாமன் பின்னாளில் எட்டுத் தறி போட்டுப் பட்டறை முதலாளியானார். பள்ளி விடுமுறை நாட்கள் அங்கேதான் கழிந்தன. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். இந்தப் பெண்களின் வலி எனக்குப் புதிதல்ல. நானும் அவர்களில் ஒருத்தி.

எதை எடுத்தாலும் எதையோ மறைப்பது போலத் தோன்றுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

மழைக்கோட்டு
இதையெல்லாம் முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்துக்குத் தூக்கிப் போட்டுடுங்க தோழி. அப்பா, மாமா எல்லாருக்கும் அங்கேயே நன்றி சொன்ன மாதிரியும் ஆச்சு.

நூல்கண்டு
நன்றியுரை இல்லைங்க, ஆய்வுமுறை இயலில் கட்டாயம் வர வேண்டிய பகுதி.

பாவு ஊடை
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? 'நான்' எல்லாத்தையும் 'ஆய்வாளர்'னு மாத்துங்க. கடைசியில் "ஆய்வாளர் தமது முன்முடிவுகளை ஒதுக்கி வைத்து (பிராக்கெட்டிங்) தரவை அணுகினார்"னு ஒரு வரி. அப்பாவோட வயசு, லீவுல விளையாடினது எல்லாம் தேவையே இல்லை. வைவாவில் யாரும் நோண்ட மாட்டாங்க.

செங்காந்தள்
அப்பாவின் வயதையும் விடுமுறையையும் வெட்டச் சொன்னது சரி. பிராக்கெட்டிங் வரிதான் வம்பை விலைக்கு வாங்கும். அது விவரண நிகழ்வியல் ஆய்வோடு வருகிற பேச்சு. இவர் எடுத்திருக்கும் முறையில் ஆய்வாளரின் பார்வையும் பகுப்பாய்வுக்கு ஒரு கருவி. முறை ஒன்று, வாக்குமூலம் இன்னொன்று என்று இருந்தால், முறை தெரிந்த தேர்வாளர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார். 'ஆய்வாளர்' என்று எழுதுவது துறையின் வழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் "நான் கேட்டேன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கேட்கப்பட்டது" என்று எழுதினால், யார் கேட்டார் என்பதே காணாமல் போய்விடும். அதைச் சொல்லத்தானே இந்தப் பகுதி?

நூல்கண்டு, வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த 24 பேரை எப்படிப் பிடித்தீர்கள்? மாமாவுக்கு அதில் பங்கு உண்டா?

நூல்கண்டு
உண்டு மேடம். 14 பேரை மாமாதான் அறிமுகம் செய்தார், அவர் பட்டறையிலும் பக்கத்துப் பட்டறைகளிலும் இருந்து. மீதி 10 பேர் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் மூலம். முதல் ஆறு நேர்காணல் பட்டறைத் திண்ணையிலேயே நடந்தது. பிறகுதான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

செங்காந்தள்
900 சொல்லில் அப்பாவின் பால்யம் இருக்கிறது, இந்த மூன்று வரி இல்லை. உங்கள் கைடு சொன்ன 'சுயசரிதை' இதுதான். நீளம் ஒரு பெரிய குறையே இல்லை. ஆய்வைத் தொடாத விவரங்கள் உள்ளே வந்து, தொட்ட விவரம் வெளியே நின்றுவிட்டது. கடன் கொடுப்பவரின் மருமகளாகப் போய், கடன் வாங்கியவரிடம் கடனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படிக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அது.

செய்யும் முறை இப்படி. பழைய வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது ஆய்வில் எங்கே தொட்டது என்று எழுதுங்கள்: ஆள் கிடைத்ததிலா, பேச்சிலா, கோடிங்கிலா. தொட்டது என்றால் அதற்குச் சான்று ஒன்று காட்ட வேண்டும். நேர்காணல் எண்ணோ, மெமோ தேதியோ, கேள்விப் பட்டியலில் செய்த திருத்தமோ, எதுவாகவும் இருக்கலாம். சான்று இல்லாத வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும் இந்தப் பகுதிக்கு வேண்டாம். சான்று இருந்தால், அதைப் பார்த்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேருங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதலாம், குற்றமில்லை.

உங்கள் பத்தியையே எடுப்போம். 'முதல் பட்டதாரி': எந்த நேர்காணலிலாவது அது பேச்சை மாற்றியதா? இல்லையென்றால் போகட்டும். 'தார் சுற்றப் போனவர்': உங்களுக்குத் தறி வேலையின் சொற்கள் தெரியும், அதனால் சில இடங்களில் விளக்கம் கேட்காமல் விட்டிருப்பீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் தேடிப் பாருங்கள். "அதான் உனக்கே தெரியுமே கண்ணு" என்று யாராவது சொல்லி, நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தால், அந்த இடமே சான்று. அப்பாவின் வயது அப்போதும் தேவையில்லை. "தறித் தொழிலின் சொற்கள் எனக்குப் பழக்கம்" என்ற பாதி வரி போதும்.

நூல்கண்டு
இப்போதுதான் தேடினேன். நேர்காணல் 3, 5, 9 மூன்றிலும் "உனக்குத் தெரியாததா" என்று வருகிறது. மூன்றும் அட்வான்ஸ் பற்றிய கேள்விக்குத்தான். நான் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அட்வான்ஸ் பாக்கியால் பட்டறை மாற முடியவில்லை என்று நான் கேட்காமலே சொன்னவர்கள், மாமா வழி 14 பேரில் 3 பேர். சங்கம் வழி 10 பேரில் 8 பேர். முதலாளி வீட்டுப் பெண் என்பதால்தான் மீதி 11 பேரும் மறைத்தார்கள் என்று எழுதிவிடலாமா?

செங்காந்தள்
அப்படி எழுதாதீர்கள். சங்கத்தை நாடி வந்தவர்களுக்கு ஏற்கெனவே பாக்கித் தகராறு இருந்திருக்கலாம், அதனாலும் 8 பேர் சொல்லியிருக்கலாம். எண்ணிக்கையும் சின்னது. வித்தியாசத்தைச் சொல்லி, காரணம் இரண்டு விதமாக இருக்கலாம் என்று எழுதி, அதனால் எந்தத் தீம் எவ்வளவு நம்பத்தக்கது என்று முடியுங்கள். 'பாக்கி ஒரு பாதுகாப்பு' என்பது போல ஒரு தீம் மாமா வழிப் பேச்சுகளிலிருந்து மட்டும் எழுந்திருந்தால், அதை இருமுறை பாருங்கள்.

நூல்கண்டு
அதே மாதிரி ஒன்று இருக்கிறது மேடம். 'முதலாளி கைவிட மாட்டார்' என்று பெயர் வைத்திருந்தேன். ஆதாரக் கூற்று ஏழு, அதில் ஆறு திண்ணை நேர்காணல்.

செங்காந்தள்
அதைத் தூக்கி எறிய வேண்டாம். முதலாளியின் காது எட்டும் தூரத்தில் சொல்லப்பட்ட பேச்சு என்பதும் ஒரு தரவுதான். தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றுங்கள். இந்த ஒரு திருத்தத்தை உங்கள் பகுதியில் இரண்டு வரியில் எழுதினால், பழைய 900 சொல்லும் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

குறுந்தொகுதி
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு 300 பேர்கிட்ட எடுத்த சர்வே, எஸ்பிஎஸ்எஸ்ல ஓட்டியாச்சு. எனக்கும் இந்தப் பகுதி கேக்கறாங்க. நானும் இதே முறையில எழுதலாமா?

பாவு ஊடை
சர்வேக்கு யாருங்க கேக்கறாங்க? உங்க துறை ஃபார்மட்டைப் பாருங்க முதல்ல. செங்காந்தள் மேடம், பிராக்கெட்டிங் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா சுகாதார இதழ்களுக்கு அனுப்பும்போது, நேர்காணல் ஆய்வுல என்னென்ன சொல்லணும்னு இருக்கிற கோரெக் பட்டியல் கேப்பாங்களே, 32 அம்சம். அதுல பட்டம், வேலை, பாலினம், பயிற்சி எல்லாம் சொல்லச் சொல்லுதே? அப்போ 'முதல் பட்டதாரி'யை வெட்டினா இடிக்காதா?

செங்காந்தள்
நல்ல கேள்வி. 2007இல் வந்த அந்தப் பட்டியலின் முதல் எட்டு அம்சம் ஆய்வாளரைப் பற்றியதுதான். நேர்கண்டவர் யார், அவருடைய தகுதி, பயிற்சி ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். 'குடும்பத்தில் முதல்' என்பதை அது கேட்கவில்லை. அது கேட்பதும் நம் பேச்சுக்கு வேண்டியதும் ஆறு முதல் எட்டு வரை: ஆய்வுக்கு முன்பே உறவு இருந்ததா, பங்கேற்றவருக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும், நேர்கண்டவரின் சாய்வுகள், ஆர்வங்கள் என்ன.

நூல்கண்டு, மறந்துவிடக் கூடாத ஒன்று. 'தாய்மாமன்', 'எட்டுத் தறி', 'பள்ளிபாளையம்' மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றன. அட்டையில் உங்கள் பெயர் இருக்கும், தீசிஸ் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடும். ஊர்க்காரர் ஒருவருக்கு இது எந்தப் பட்டறை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அப்புறம் "பங்கேற்பாளர் 5, நாற்பது வயது, இரண்டு குழந்தைகள்" யார் என்பதும் தெரிந்துவிடும். உங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போய் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். 'நெருங்கிய உறவினர்' போதும், தறிக் கணக்கு வேண்டாம். எந்தக் கூற்று யார் வழியாக வந்தவருடையது என்று தனித்தனியாகக் குறிக்காமல் மொத்தமாக மட்டும் சொல்லுங்கள்.

வேப்பம்பூ
யாரும் தொடாத கேள்வி: சாதி. முதலாளிகளும் ஆய்வாளரும் ஒரே சாதி, வேலை செய்பவர்களில் பலர் வேறு என்றால், அதைச் சொல்லாமல் 'உறவினர்' என்று மட்டும் எழுதுவது நழுவல் இல்லையா? தமிழ்நாட்டில் களத்துக்குப் போகிறவரிடம் "நீங்க எந்த ஊரு, யாரு வீடு" என்று கேட்பதே அதற்குத்தான்.

செங்காந்தள்
அந்தக் கேள்வி நேர்காணலில் வந்திருந்தால் கட்டாயம் எழுத வேண்டும், யார் கேட்டார், என்ன பதில் சொன்னீர்கள் என்பதோடு. வராத இடத்தில் பெயரைப் போடுவதா, 'முதலாளிகளின் சாதியைச் சேர்ந்தவள்' என்று உறவாகச் சொல்வதா என்பதில் நான் இரண்டாவது பக்கம். அடையாளத்தை வரிசையாக அடுக்கினால் ஒப்புதல் வாக்குமூலம் போல ஆகிவிடுகிறது.

வேப்பம்பூ
எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் சொல்லாமல் விடும் வசதி யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். தலித் ஆய்வாளரின் சாதியை வாசகர் தலைப்பிலேயே ஊகித்துவிடுவார். மற்றவருக்கு மட்டும் 'உறவாகச் சொன்னால் போதும்' என்பது சரியாகப் படவில்லை.

நூல்கண்டு
நேர்காணல் 17இல் "யாரு வீட்டுப் பொண்ணு" என்று கேட்டார்கள், சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று கைடிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறேன். மற்றவற்றை வைத்து எழுதிய புதிய வரைவின் மையப்பகுதி:

> பங்கேற்ற 24 பேரில் 14 பேரை, பட்டறை நடத்தும் என் நெருங்கிய உறவினர் அறிமுகம் செய்தார். அந்த உறவு அவர்களுக்குத் தெரியும். முதல் ஆறு நேர்காணல்கள் பட்டறை வளாகத்தில் நடந்தன. ஆறாவதற்குப் பின் இடத்தைப் பங்கேற்பாளரின் வீட்டுக்கு மாற்றினேன். தறித் தொழிலின் சொற்கள் எனக்குப் பழக்கம் என்பதால், மூன்று நேர்காணல்களில் அட்வான்ஸ் பற்றிய விடைகளை விளக்கம் கேட்காமல் விட்டிருக்கிறேன். பாக்கியைப் பற்றித் தாமாகப் பேசியவர்கள் உறவினர் வழியில் 3, சங்கம் வழியில் 8. அறிமுகம் செய்தவரும் காரணமாகலாம், சங்கத்தை நாடியோரின் முன் அனுபவமும் காரணமாகலாம். 'முதலாளி கைவிட மாட்டார்' என்ற தீமின் ஏழு கூற்றுகளில் ஆறு வளாகத்தில் சொல்லப்பட்டவை. எனவே அதை 'முதலாளி முன் பேசும் பேச்சு' என மறுவரையறை செய்தேன். இவ்வாறு ஆய்வாளரின் சார்பு நீக்கப்பட்டது.

செங்காந்தள்
கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். நீங்கள் மாற்றியது ஒரு தீம், சார்பு எங்கும் போகவில்லை. அந்த மூன்று பேரிடம் திரும்பப் போய் அட்வான்ஸ் பற்றிக் கேட்க முடியுமா? நெறிமுறைக் குழு அனுமதியில் மறு நேர்காணல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'விட்டிருக்கிறேன்' என்பது அப்படியே நிற்கட்டும். 'முதலாளி முன்' என்றால் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது போல இருக்கிறது. இருந்தாரா?

நூல்கண்டு
இல்லை மேடம், உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் வந்து போய்க்கொண்டிருந்தார். 'பட்டறைத் திண்ணையில் பேசும் பேச்சு' என்று மாற்றிவிடுகிறேன். மறு நேர்காணலுக்கு அனுமதி இருக்கிறது. ஒன்பதாம் எண்காரர் மட்டும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.