புதுப்பிப்பு: மூன்று கால் காவடிப் படம்

அன்று கேட்டிருந்தது: “சிராங்கூன் சாலையில் எடுத்த தைப்பூசப் படத்தில் ஒருவருக்கு மூன்று கால். போலிதானே?”

இல்லை, போனைத் திருப்பிக்கொண்டே எடுத்துத் துண்டுகளை ஒட்டும் பனோரமா. கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர், காலை விடுங்கள், பின்னால் உள்ள கம்பித் தடுப்பைப் பாருங்கள் என்றார். கால் கூடிய அதே இடத்தில், மேலிருந்து கீழாக, தடுப்பும் சாலைக்கோடும் லேசாக விலகியிருந்தன. போனைத் திருப்பி முடிப்பதற்குள் காவடிக்காரர் ஓரடி வைத்திருக்கிறார். அசையாமல் நின்றவர்கள் எல்லாரும் சரியாகவே இருக்கிறார்கள்.

“ஃபைலில் எடுத்த விவரம் இல்லை, அப்போ போலிதான்” என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலே அது போய்விடுமே! எடுத்தவரிடம் மூலப்படம் கேட்டு வாங்கினேன். வெட்டாத நீளப் பட்டை, பனோரமாவேதான்.

கோபுர விளிம்பில் உள்ள வெள்ளை வளையம் மட்டும், பல வெளிச்ச அளவில் எடுத்து போனே ஒன்றாக்கும் ஹெச்டிஆரா, பிறகு தீட்டியதா என்று இன்னும் இழுபறி.