38 பக்க அறிக்கையில் 61 அடிக்குறிப்பு: எதைக் கீழே வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது?

கோப்புக்கட்டு:
ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவு 38 பக்கம், அதில் 61 அடிக்குறிப்பு. "பக்கத்தில் பாதி கீழேதான் கிடக்கிறது, எங்கே படிப்பது?" என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். சரி என்று வேர்டில் எல்லாவற்றையும் ஒரே அடியாக இறுதிக்குறிப்பாக மாற்றினேன். பக்கம் சுத்தமாகிவிட்டது, ஆனால் கடைசியில் ஒன்பது பக்கத்துக்குக் குறிப்புகள் நிற்கின்றன. 14ஆம் குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் எந்தப் பத்தியில் இருந்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. பின்னிணைப்பில் போடலாமா? எதைப் போடுவது?

வரிக்கணக்கு:
நான் நீளத்தைத்தான் பார்ப்பேன். மூன்று வரிக்குள் இருந்தால் அடிக்குறிப்பு, அதைத் தாண்டினால் பின்னிணைப்பு. இவ்வளவுதான், ரொம்ப யோசிக்காதீர்கள்.

பாதிஆய்வேடு:
எனக்கும் இதே தலைவலிதான். ஆய்வேட்டில் ஒரே நூலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறேன், அதனால் "மேலது, ப. 23", "மேலது, ப. 31" என்றே பக்கத்தடி நிரம்பிவிடுகிறது. இடையில் வேறொரு நூல் புகுந்தால் எந்த "மேலது" எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. முழுப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதவேண்டுமா?

சிவப்புமை:
பாதிஆய்வேடு, உங்களுடையது மேற்கோள் வடிவம் பற்றியது, இவர் கேட்பது வேறு. ஆனாலும் சொல்கிறேன்: இடையில் வேறு நூல் வந்ததும் ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் போட்டுவிடுங்கள், குழப்பம் தீரும்.

கோப்புக்கட்டு, குறிப்பு என்னவென்று பார்க்காமல் எங்கே வைப்பது என்று சொல்ல முடியாது. நாலைந்தை அப்படியே இங்கே போடுங்கள், அவை எந்த வாக்கியத்தில் தொங்குகின்றன என்பதோடு.

கோப்புக்கட்டு:
"72 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் வேலையில் சேர்ந்தனர்" என்ற வாக்கியத்தில் இரண்டு இருக்கின்றன.
குறிப்பு 14: பயிற்சி முடித்த 250 பேரில் 150 பேரிடம் மட்டுமே பேச முடிந்தது. அவர்களில் 108 பேர்.
குறிப்பு 15: வேலை என்பது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாத ஊதிய வேலை.
குறிப்பு 22: தொலைபேசியில் எப்படித் தொடர்புகொண்டோம், எத்தனை முறை, எண் மாறியிருந்தால் என்ன செய்தோம். 14 வரி.
குறிப்பு 31: ஓர் அட்டவணைக்குள்: "இரண்டாம் அணியில் மாலை வகுப்பினர் சேர்க்கப்படவில்லை."
குறிப்பு 40: பயிற்சிக் காலம் நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதமானது எப்படி என்ற கதை.

சிவப்புமை:
நல்ல வேளை, போட்டீர்கள். உங்கள் அறிக்கையின் மிக முக்கியமான தகவல் 14ஆம் குறிப்பில் ஒளிந்திருக்கிறது. குறிப்பைப் படிக்காதவர் 250 பேரில் 72 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார், அதாவது 180 பேர். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது 108 பேர்தான். அது 250இல் சுமார் 43 சதவீதம். மீதி 100 பேர் வேலையில் இருக்கிறார்களா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. குறிப்பைத் தாண்டிப் போனால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வாரா? ஆம் என்றால் அது குறிப்பே இல்லை, அறிக்கையின் உடலில் இருக்கவேண்டிய வாக்கியம். வரிக்கணக்கு சொன்ன நீள அளவுகோல் இங்கேதான் சறுக்குகிறது. 14ஆம் குறிப்பு இரண்டே வரி, அவர் கணக்கில் அது கீழேயே இருந்திருக்கும்.

வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: "பயிற்சி முடித்த 250 பேரில் 150 பேரிடம் பேச முடிந்தது. அவர்களில் 108 பேர், அதாவது 72 சதவீதம், ஆறு மாதத்துக்குள் வாரம் 20 மணி நேரமாவது ஊதியம் பெறும் வேலையில் சேர்ந்திருந்தனர்." 15ஆம் குறிப்பும் இதிலேயே கரைந்துவிட்டது, பாருங்கள். இன்னொன்று: 72க்குப் பக்கத்தில் மேலே சின்னதாக 14 என்று நின்றால் அடுக்குக்குறி மாதிரி இருக்கும். குறிப்பெண்ணை எண்ணோடு ஒட்டாமல் வாக்கிய முடிவில் வைப்பது நல்லது.

22ஐ இரண்டாக வெட்டுங்கள். "ஒவ்வொருவரையும் எத்தனை முறை அழைத்தோம்" என்ற ஒரு வாக்கியம் உடலுக்கு. மீதியெல்லாம் பின்னிணைப்புக்கு, கேட்ட கேள்விகளின் பட்டியலோடு சேர்த்து. அதைத் தேடி வருபவர் வேறு ஆள்: அடுத்த ஆண்டு இதே ஆய்வைத் திரும்பச் செய்யப்போகிறவர், இல்லையென்றால் உங்கள் முறையைச் சந்தேகிக்கிறவர். அவருக்கு எல்லாம் ஓரிடத்தில் வேண்டும். உடலில் "பின்னிணைப்பு 1 காண்க" என்று ஒரு முறையாவது சொல்லாத பின்னிணைப்பை யாரும் திறக்கமாட்டார்கள்.

31 அட்டவணைக்கு அடியிலேயே இருக்கட்டும், அ, ஆ என்று எழுத்து போட்டு. பக்கத்தின் எண்வரிசையில் சேர்க்காதீர்கள். நாளைக்கு யாராவது அட்டவணையை மட்டும் ஸ்லைடுக்கு எடுத்துப் போவார்கள், பக்கத்தடிக் குறிப்பு கூடப் போகாது.

40ஐ அழித்துவிடுங்கள். கஷ்டப்பட்டுச் சேகரித்தது, விட மனசு வராது, தெரியும். நானும் இப்படி நிறைய வைத்திருந்தவன்தான்.

வரிக்கணக்கு:
14 விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படி எல்லாவற்றையும் உடலுக்குள் ஏற்றினால் உடல் வீங்காதா? அப்புறம் அடிக்குறிப்பு என்ற ஒன்று எதற்கு?

சிவப்புமை:
எல்லாவற்றையும் இல்லை. பெரும்பாலும் குறிப்புகளில் உடலுக்குத் தகுதியானவை சிலதான் இருக்கும். அடிக்குறிப்புக்கென்று ஓர் இடம் உண்டு. உதாரணமாக, சென்ற ஆண்டு அறிக்கையில் 260 பேர் என்றும் இப்போது 250 என்றும் இருந்தால், இரண்டையும் கையில் வைத்திருக்கிற ஒருவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். "பத்துப் பேர் இருமுறை பதிவாகியிருந்தனர்" என்று கீழே ஒரு வரி போதும். மற்றவர்கள் நிற்காமல் போய்விடலாம். அந்தச் சந்தேகம் அந்தப் பக்கத்திலேயே எழுகிறது, அதனால் பதிலும் அங்கேயே இருக்கவேண்டும். இதை இறுதிக்குறிப்பாக்கினால் செத்தது.

நீள விதியை முழுக்கத் தள்ளவும் முடியாது. அடுத்த பக்கத்துக்கு வழியும் அடிக்குறிப்பு எப்போதும் தவறான இடத்தில் இருக்கிறது.

கோப்புக்கட்டு:
இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். 61இல் ஒன்பது உடலுக்குள் போயின. 12 அட்டவணைகளுக்கு அடியில். எட்டு ஒன்றாகச் சேர்ந்து இரண்டு பின்னிணைப்பு ஆயின. 11 அழிந்தன. விளக்கக் குறிப்பு நான்கு மட்டும் பக்கத்தடியில். மீதி 17 வெறும் ஆதாரக் குறிப்புகள், இறுதிக்குறிப்பாகவே விட்டிருக்கிறேன். அந்த நான்கை மட்டும் திரும்ப அடிக்குறிப்பாக்க ஒவ்வொன்றிலும் வலச்சொடுக்கி `Convert to Footnote` கொடுத்தேன், வேலை செய்தது.

கைபேசிவாசகன்:
ஆதாரங்களைக் கடைசியில் வைப்பது அச்சுக்குச் சரி. நான் எல்லா அறிக்கையையும் கைபேசியில்தான் படிக்கிறேன். எண்ணைத் தொட்டுக் கடைசிக்குப் போனால் திரும்பி வரும் வழி எல்லாக் கோப்பிலும் இருப்பதில்லை. 17தானே, பக்கத்தடியிலேயே விட்டுவிடலாமே?

சிவப்புமை:
நான் மாற்றமாட்டேன். யார் ஆதாரத்தைச் சரிபார்ப்பாரோ அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிபார்ப்பார், அவருக்குப் பட்டியல்தான் வசதி. ஆனால் கைபேசியில் படிப்பவர்கள்தான் அதிகம் என்றால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கோப்புக்கட்டு:
இன்னொரு சிக்கல். சுருக்கப் பக்கத்தில் "72 சதவீதம்" மட்டும் போதும், 250, 150 எல்லாம் உள்ளே இருக்கிறதே என்கிறார் மேலாளர்.

சிவப்புமை:
பெரும்பாலானோர் படிப்பது அந்த ஒரு பக்கம்தான். "பேச முடிந்த 150 பேரில் 72 சதவீதம்" என்றாவது எழுதுங்கள். கூடுதலாக நான்கு சொல், அவ்வளவுதான். அதற்கும் மறுத்தால் சதவீதத்தையே எடுத்துவிட்டு "108 பேர்" என்று போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கோப்புக்கட்டு:
நாளைக் கூட்டத்தில் கேட்கிறேன்.