புதுப்பிப்பு: பத்து ஸ்லைடு, ஏழாவதில் சிக்கியது

முதலில் கேட்டது: "நகரக் குடிநீர் பற்றிப் பத்து ஸ்லைடு. ஏழாவது குளோரின். பேசுபவருக்கான குறிப்பில் என்ன எழுதுவது?"

ஓய்வுபெற்ற நீரேற்று நிலையப் பொறியாளர் ஒருவர், "செம்பரம்பாக்கத்தை எடுத்துக் கணக்குப் போடு" என்றார். அங்குள்ள குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 53 கோடி லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் போடுவதாக வைத்தால் நாளுக்கு 1,060 கிலோ குளோரின். குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது:

"2 மில்லிகிராம் போட்டால் தண்ணீரிலுள்ள அழுக்கு 1.5-ஐத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 0.5. குழாயில் போகப்போக அதுவும் குறையும். கடைசி வீட்டில் 0.2-ஆவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரம்."

"அப்படியென்றால் தொடக்கத்திலேயே கூடப் போடலாமே" என்றார் ஒருவர். பாதி சரி. ஆனால் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள வீடுகளில் வாடை தாங்காது. அதனால் வழியிலுள்ள நீர்த்தேக்கத் தொட்டியில் மறுபடி கொஞ்சம் சேர்ப்பார்கள்.

எனக்குப் பிடித்தது பொறியாளர் கடைசியாகச் சொன்னது. தண்ணீர் விடுவதை நிறுத்தும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியே சாக்கடை உள்ளே வரலாம். நேற்றுவரை குளோரின் காட்டிய தெருவில் இன்று குளோரின் சோதனையில் தண்ணீர் நிறமே மாறவில்லை என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டுமாம்.

இதை ஏழிலேயே சொல்வதா, எட்டாவது பேசும் தோழிக்கு விடுவதா? அவள் இன்னும் பதில் போடவில்லை.