புதுப்பிப்பு: டோக்கன் அட்வான்ஸில் ஒரு பகுதி வந்துவிட்டது

அன்று கேட்டது: “மனைக்கு 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். ஒப்பந்தம் எழுதும் முன்பே பேச்சு முறிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?”

வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தீராமல் நின்றதால்தான் பின்வாங்கினேன். “டோக்கன் என்றாலே திரும்பாது” என்று ஒருவர் எழுதியிருந்தார். காரணமின்றி நான் விலகியிருந்தால் அது பொருந்தலாம். வாடகை அட்வான்ஸ் அனுபவத்தைச் சொன்னவருக்கு நன்றி, என் சிக்கல் வேறு. ஆவண எழுத்தரான அண்ணன் சொன்னபடி ரசீதைத் தேடி எடுத்தேன். நீல மையில் நான்கே வரி. பணத்தைப் பிடித்துக்கொள்வது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் நகலையும் வில்லங்கச் சான்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் 30,000 வந்தது. மீதியைத் தரகர் கமிஷன் என்று பிடித்திருக்கிறார்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது.