குழுவுக்கு 30 பேர் போதுமா? டிசர்டேஷன் சாம்பிள் சைஸ் அனுபவங்கள்

மாலைநேரம்:
எம்.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன வாரம் சினாப்சிஸ் பிரசென்டேஷன். தலைப்பு இதுதான்: ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களைவிட, ஒரு முறை படித்து, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருக்குமா? ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்ததை எங்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து பார்க்கிறேன். குழுவுக்கு 30, மொத்தம் 60 பேர் என்று எழுதியிருந்தேன். சீனியர்கள் தீசிஸ் எதை எடுத்தாலும் அந்த எண்தான் இருக்கிறது.

பேனலில் இருந்த ஒரு மேடம், "ஏன் 60? 40 ஏன் இல்லை, 100 ஏன் இல்லை?" என்று கேட்டார். "30-ஐத் தாண்டினால் நார்மல் ஆகிவிடும் மேடம்" என்று கைடு எனக்காகப் பேசினார். அவர் விடவில்லை. பவர் அனாலிசிஸ் செய்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார். இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள், எங்கே மாட்டினீர்கள் என்று எழுதுங்களேன்.

கோவைவாசி:
இதுக்கா இவ்வளவு யோசனை? எங்கள் டிபார்ட்மென்டில் எல்லோரும் கிரெஜ்சி–மோர்கன் டேபிளைத்தான் போடுவோம். உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்கள் என்று பாருங்கள், டேபிளில் அதற்கு நேரே உள்ள எண்ணை எடுங்கள். எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் 384-ஐத் தாண்டாது. நான் எம்.பில்.லில் வேலை திருப்தி பற்றி சர்வே எடுத்தபோது அதைத்தான் போட்டேன், வைவாவில் ஒரு கேள்விகூட வரவில்லை.

பழைய லேப் ஆள்:
கோவைவாசி, உங்கள் சர்வேக்கு அந்த டேபிள் சரி. ஊரில் எத்தனை சதவீதம் பேர் இப்படி நினைக்கிறார்கள் என்பதை 5 சதவீதப் பிழைக்குள் சொல்ல வேண்டும் என்றால் 384 வரும். இங்கே யாரும் சதவீதம் கேட்கவில்லை. இரண்டு குழுக்களுக்கு நடுவே ஒரு வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், அது நம் கண்ணில் படுமா என்பதுதான் கேள்வி. அப்படிப் படுவதற்கான வாய்ப்பைத்தான் பவர் என்கிறோம். அதற்குக் கல்லூரியில் 800 பேரா 8,000 பேரா என்பது ஒரு பொருட்டே இல்லை. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் ஆள் கணக்கு.

மாலைநேரம், உங்கள் கைடு சொன்ன 30 வேறு இடத்துச் சரக்கு. சராசரிகளின் பரவல் ஓரளவு மணி வடிவத்துக்கு வந்துவிடும், அதனால் டி-டெஸ்ட் போடலாம் என்பதற்கான பேச்சு அது. டி-டெஸ்ட் போடலாம் என்றால் அது எதையாவது கண்டுபிடிக்கும் என்று ஆகிவிடாது.

நான் பல வருடம் ஒரு மெமரி லேபில் வேலை பார்த்தேன். குழுவுக்கு 30 வைத்து வரும் மாணவர்களிடம் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். அந்த அளவில் p 0.05-க்குக் கீழே போக வேண்டுமானால், உங்கள் டேட்டாவில் d என்ற எஃபெக்ட் சைஸ், அதாவது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுத்து வரும் எண், குறைந்தது 0.52 ஆவது வர வேண்டும். நிஜமான வித்தியாசம் 0.3 என்று வையுங்கள். அப்போது ஐந்து பேர் இதே சோதனையைச் செய்தால் ஒருவருக்குத்தான் ரிசல்ட் கிடைக்கும். அந்த ஒருவரும் நிஜத்தைவிட ஒன்றே முக்கால் மடங்காவது பெரிய எண்ணைத்தான் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அதைவிடச் சின்னது எதுவும் அங்கே சிக்னிஃபிகன்ட் ஆகாது. மற்ற நால்வரும் "வித்தியாசம் இல்லை" என்று எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த பேட்ச், கிடைத்த அந்த ஒருவரின் எண்ணை நம்பித் திட்டம் போடும். சைக்காலஜி முழுக்க இப்படித்தான் ஓடியது. 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள் இல்லையா, அதில் எஃபெக்ட் சைஸ் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது.

மாலைநேரம்:
சரி, அப்படியானால் எந்த d-யைப் போடுவது? நான் பத்துப் பத்துப் பேரை வைத்து ஒரு பைலட் செய்தேன், d 0.8 வந்தது. அதைப் போட்டால் குழுவுக்கு 26 போதும் என்கிறது ஜி-பவர் சாஃப்ட்வேர். 30-ஏ அதிகம்தான் என்று கைடுக்கு ரொம்ப சந்தோஷம்.

பழைய லேப் ஆள்:
அந்த 0.8-க்குக் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய −0.1 முதல் 1.7 வரை நீளும். விளைவே இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது, மலையளவு விளைவு என்பதும் இருக்கிறது. பைலட் வீண் இல்லை. நேரம் போதுகிறதா, மதிப்பெண்கள் பூஜ்யத்தில் ஒட்டிக்கொள்கின்றனவா, இருவர் திருத்தினால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்பதற்கெல்லாம் அதுதான் வேண்டும். d-க்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

உங்கள் தலைப்பில் நல்ல மெட்டா அனாலிசிஸ் இருக்கிறது. ரோலண்ட் 2014-இல் செய்ததில் சராசரி 0.50 வந்தது. வெளியாகாமல் அலமாரியில் கிடக்கும் ஆய்வுகளை மனதில் வைத்து நான் கொஞ்சம் குறைத்து 0.4 எடுப்பேன். ஆர் இருந்தால் இது போதும்:

```
library(pwr)
pwr.t.test(d = 0.4, power = 0.8,
           sig.level = 0.05, type = "two.sample")
```

n = 99.08 என்று வரும், அதாவது குழுவுக்கு 100. 0.5 போட்டிருந்தால் 64. ஒரே ஒரு தசமம் இறங்கியதற்கு மொத்தத்தில் 72 பேர் கூடுகிறார்கள். அதனால்தான் எண்ணைவிட, எந்த d, ஏன் அந்த d என்று ஒரு பத்தி எழுதுவது முக்கியம். பேனல் மேடம் கேட்டதும் அதுதான்.

யாழினி:
நான் கிளினிக்கல். எனக்கு இந்தப் பேச்சே பொறாமையாக இருக்கிறது. ஓசிடி உள்ளவர்கள் 20 பேர், இல்லாதவர்கள் 20 பேர், அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. 200 பேருக்கு எங்கே போவேன்? ரிசல்ட் நான்-சிக்னிஃபிகன்ட். இப்போது ரிவ்யூவர் "பவர் எவ்வளவு" என்று கேட்கிறார். எஸ்பிஎஸ்எஸ்-இல் அப்சர்வ்டு பவர் என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் 31 சதவீதம் என்கிறது. "பவர் குறைவு, அதனால்தான் வரவில்லை" என்று எழுதிவிடலாம் அல்லவா?

பழைய லேப் ஆள்:
எழுதாதீர்கள் அம்மா. அந்த எண் உங்கள் p-யையே வேறு சட்டை போட்டுக் காட்டுகிறது. p சரியாக 0.05 என்றால் அது சுமார் 50 சதவீதம் காட்டும், p ஏறினால் அது இறங்கும். புதிதாக எதுவும் சொல்லாது.

ஆள் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லாதபோது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 20-க்கு 20 வைத்தால் 80 சதவீதப் பவரோடு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பிடிக்க முடியும்? விடை d 0.91. ஜி-பவரில் சென்சிடிவிட்டி என்று இருப்பது இதுதான். உங்கள் டேட்டாவைப் பார்க்காமலே வரும் எண் என்பதால் நேர்மையானது. "இதைவிடச் சின்ன வித்தியாசம் இருந்திருந்தால் எங்கள் ஆய்வு அதைத் தவறவிட்டிருக்கலாம்" என்று எழுதி, கிடைத்த d-யையும் அதன் இன்டர்வலையும் பக்கத்தில் கொடுங்கள்.

யாழினி:
0.91-ஆ! இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் தலைப்பையே மாற்றியிருப்பேன்.

தேனிக்காரன்:
மாலைநேரத்துக்கு ஒரு யோசனை. எதற்கு இரண்டு குழு? ரோடிகர்–கார்பிக்கியின் முதல் சோதனையிலேயே ஒவ்வொரு மாணவரும் இரண்டு பகுதிகள் படித்தார்கள், ஒன்றைத் திரும்பப் படித்தார்கள், மற்றதை எழுதிப் பார்த்தார்கள். ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டால், இவள் கெட்டிக்காரி அவன் சோம்பேறி என்ற ஏற்றத்தாழ்வு கழிந்துபோகும். என் டிசர்டேஷனில் அப்படித்தான் செய்தேன். அதே 0.4, இரண்டு மதிப்பெண்களுக்கும் நடுவே கோரிலேஷன் 0.5 என்று வைத்தால் மொத்தமே 52 பேர். எந்தப் பகுதி முதலில், எந்த முறை முதலில் என்று நாலு வரிசை வரும், 52 நாலால் வகுபடும், வேலை முடிந்தது. 200 எங்கே, 52 எங்கே!

பழைய லேப் ஆள்:
நல்ல யோசனை, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் 0.5 எங்கிருந்து வந்தது? எல்லாம் அந்த எண்ணில் தொங்குகிறது. கோரிலேஷன் 0.7 என்றால் 32 பேர் போதும், 0.2 என்றால் 80-ஐத் தாண்டும். இரண்டு பகுதிகளில் ஒன்று பூச்சிகள், இன்னொன்று பட்ஜெட் என்று இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தே கேள்வி கேட்டால் 0.5 வராது. கேள்விகளைக் கூட்டுங்கள், இரண்டு பகுதிகளும் ஒரே கடினத்தில் இருக்கட்டும். கேள்வித்தாளைச் சரிசெய்வது ஆள் பிடிப்பதைவிட மலிவு.

கோவைவாசி:
எனக்கு ஒரு சந்தேகம். முதல் பகுதியை எழுதிப் பார்த்த பையன், "அட, இது நல்லா இருக்கே" என்று இரண்டாவதையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தால்? அப்புறம் எது படிப்பு, எது நினைவு?

தேனிக்காரன்:
வரிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் அது சரியாகிவிடும்.

பழைய லேப் ஆள்:
முழுக்க ஆகாது. படித்துவிட்டு எழுதுபவருக்கு ஒன்றும் தொற்றாது, எழுதிவிட்டுப் படிப்பவருக்கு மட்டும் தொற்றும். இரு பக்கமும் ஒரே அளவு இல்லாததால், வரிசை மாற்றுவது அதைக் கழிக்காது, வித்தியாசத்தைச் சின்னதாக்கிக் காட்டும். கோவைவாசி சரியான இடத்தில் கை வைத்தார். முதல் பகுதியில் வந்ததை மட்டும் எடுத்து இரண்டு குழுவாக ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் அப்போது பவர் போய்விடும். நானாக இருந்தால் அப்படியும் ஒருவரே இரண்டும் செய்யும் வடிவத்தைத்தான் எடுப்பேன். வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மாலைநேரம்:
கைடிடம் 52 என்று காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. உடனே, "ஆண்–பெண் வித்தியாசத்தையும் இரண்டாவது ஹைப்பாதிசிஸாகச் சேர்த்துவிடும்மா, ஆட்கள்தான் இருக்கிறார்களே" என்றார்.

பழைய லேப் ஆள்:
சேர்க்கும் முன் இதைக் காட்டுங்கள். எழுதிப் பார்ப்பதன் பலன் பெண்களுக்கு 0.5, ஆண்களுக்கு 0.3 என்று வையுங்கள். சராசரி அதே 0.4, அதற்கு 52 பேர் போதும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள 0.2-ஐப் பிடிக்கப் பெண்கள் 394, ஆண்கள் 394 வேண்டும், மொத்தம் 788. 26-க்கு 26 வைத்து "பாலின வேறுபாடு இல்லை" என்று எழுதினால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. வேண்டுமானால் ஹைப்பாதிசிஸ் இல்லாமல், ஆராய்ந்து பார்த்தோம் என்று ஒரு டேபிளாகக் கொடுக்கலாம்.

மாலைநேரம்:
788 என்றதும் அமைதியாகிவிட்டார். டேபிளாகவே கொடுக்கலாம் என்று முடிவு. இன்னொன்று: ஒரு வாரம் கழித்து எல்லோரும் திரும்பி வருவார்களா?

தேனிக்காரன்:
வர மாட்டார்கள். எனக்கு ஐந்தில் ஒருவர் வரவில்லை. 52-ஐ 0.8-ஆல் வகுத்தால் 65, நாலால் வகுபட 68 ஆக்கிக்கொள்ளுங்கள். இன்டர்னல் தேர்வு வாரத்தில் மட்டும் இரண்டாவது செஷனை வைக்காதீர்கள். அப்புறம், வராதவர்கள் எந்த வரிசையில் இருந்தவர்கள் என்று குறித்து வையுங்கள். எனக்கு ஒரே வரிசையில்தான் நிறையப் பேர் காணாமல் போனார்கள், ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.