பழைய பில்லில் வரவு வைத்துவிட்ட 2,08,800 ரூபாயை எப்படித் திருத்துவது?

வசூல்மேசை: இயந்திரப் பராமரிப்பு செய்யும் தனியார் நிறுவனத்தில் வசூல் கணக்கு பார்க்கிறேன். ஒரு வாடிக்கையாளர் மூன்று பில்கள் தர வேண்டும்: 041 (1,77,000), 058 (94,400), 063 (1,18,000). போன மாதம் வங்கியில் 2,08,800 வந்தது. எந்தப் பில்லுக்கு என்று மின்னஞ்சல் எதுவும் இல்லை. பழையதிலிருந்து கழிப்பதுதான் வழக்கம் என்று 041ஐ முடித்து, மீதி 31,800ஐ 058இல் வைத்தேன். நேற்று 063க்கு நினைவூட்டல் அனுப்பினேன். "அதைத்தான் கட்டிவிட்டோமே" என்று சீறுகிறார்கள். டேலியில் எப்படிச் சரிசெய்வது?

நெல்லைக்காரர்: பணம் வரவில்லை என்றால் யுடிஆர் எண்ணைக் கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை வேறு கிளையின் கணக்கில் விழுந்திருந்தது.

வசூல்மேசை: பணம் வந்துவிட்டது ஐயா, பில்தான் மாறிவிட்டது.

பேரேடு: ரசீதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழைய பில்லில் வரவு வைத்ததும் தவறில்லை, சட்டமே அப்படித்தான்.

பழைய கணக்கர்: அழிக்க வேண்டாம். வங்கிச் சரிபார்ப்பில் போட்ட தேதியும் அதோடு போய்விடும். சட்டமும் பாதிதான் சரி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, எந்தக் கடனுக்கான பணம் என்று சூழ்நிலையே காட்டினால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். இங்கே தொகையே காட்டுகிறது. 058இன் வரிக்கு முந்தைய மதிப்பு 80,000, 063இன் மதிப்பு 1,00,000. அவற்றில் 2% டிடிஎஸ் பிடித்தால் 92,800, 1,16,000. கூட்டிப் பாருங்கள்.

வசூல்மேசை: 2,08,800! பைசா பிசகாமல் வருகிறது. ஆனால் போன மாதக் கணக்கைப் பூட்டிவிட்டோம்.

பழைய கணக்கர்: முதலில் அவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள், என் கணக்கு ஊகம்தான். பூட்டியிராவிட்டால் ரசீதைத் திறந்து `Agst Ref` பிரிப்பை மட்டும் மாற்றியிருக்கலாம். இப்போது இந்த மாதத் தேதியில் ஒரு ஜர்னல் போடுங்கள். அதே வாடிக்கையாளர் பேரேட்டில் 041க்கு 1,77,000 பற்று. 058க்கு 61,000, 063க்கு 1,16,000 வரவு. மொத்த பாக்கி மாறாது. பிறகு டிடிஎஸ் 3,600ஐத் தனி ஜர்னலில், 058க்கு 1,600, 063க்கு 2,000 என்று வரவு வையுங்கள். இரண்டு பில்லும் பூஜ்யமாகும், 041 மட்டும் நிற்கும். அந்த 3,600 வருமான வரித் துறையில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவானதா என்று பின்னால் பாருங்கள்.

இனி விவரம் இல்லாமல் பணம் வந்தால் `On Account` என்று வைத்து, அன்றே கேட்டுவிடுங்கள். 31,800 என்று ஒட்டாத மிச்சம் விழுந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பேரேடு: டிடிஎஸ்ஸை நான் யோசிக்கவே இல்லை. 041ஐ ஏன் தாண்டிப் போனார்கள்?

வசூல்மேசை: இப்போதுதான் விசாரித்தேன். அந்த வேலையில் மாற்றிய ஒரு பேரிங் சத்தம் போடுகிறதாம், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வசூலாகிவிட்டதாக நான் காட்டியதால் சர்வீஸ் ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. ஜர்னல் போட்டாயிற்று, 041 இன்னும் இழுபறிதான்.