பொருள்: ஒரே ஆள், பல எழுத்துக்கூட்டல் – வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

செல்வி:
அன்புடையீர், வணக்கம். திங்கட்கிழமை மேல்நிலை வகுப்பில், விரிதாளிலுள்ள பெயர்ப் பட்டியலைச் சீர்செய்வது குறித்துப் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சிக்கு வைத்திருக்கும் தாளில் ஒரே பெண் `Lakshmi S`, `LAXMI S`, `Latchumi S` என மூன்று வரிகளில் இருக்கிறாள். தந்தை பெயரும் பிறந்த நாளும் மூன்றிலும் ஒன்றே. ஓரத்து இடைவெளிகளை நீக்குவதற்கு "ஒட்ட நறுக்குதல்" என்றும், பெரிய சிறிய எழுத்துகளை ஒழுங்குபடுத்துவதற்கு "எழுத்துநிலை சீராக்கல்" என்றும் எழுதிவிட்டேன். இந்த மூன்று வரிகளுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. "ஏறத்தாழ நகல்" என்றேன். "நகல் என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டுமே டீச்சர், இதில் எது மூலம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

இளங்கோவன்:
அம்மா, புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. பந்தல் பந்தர் ஆவதும் அரசன் அரைசன் ஆவதும் எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பவை. இலக்கணத்தில் இதற்குப் போலி என்று பெயர். Lakshmi, Laxmi ஆவது இடைப்போலியே. "போல்" என்னும் அடியில் பிறந்த சொல்லில் ஒப்புமைதான் உண்டு; பொய் என்னும் பொருள் பின்னர் ஏறியது. உவம உருபாகவும் உரையசையாகவும் வரும் "போலும்" என்பதையும் உடன்வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். "எழுத்துப்போலி" என்றே எழுதுங்கள்.

கமலா:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் மக்கள் காதில் போலி என்றால் போலி மருந்து, போலி வாக்காளர்தான். எங்கள் குடியிருப்போர் சங்கப் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே "போலி?" என்று குறித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எழுபது வயதைக் கடந்த ஒருவர் வீட்டுப் பத்திரத்தோடு வந்து நின்றார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. இன்னொன்று, செல்வி: TRIM கொடுத்தும் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் இடைவெளி போகவில்லை. அந்தச் சார்பை நம்பாதீர்கள்.

ரிஸ்வான்:
கமலா அக்கா, சார்பில் பிழையில்லை. TRIM நீக்குவது 32 என்னும் குறியெண் கொண்ட சாதாரண இடைவெளியை மட்டுமே; இணையப் பக்கங்களிலிருந்து வருவது பெரும்பாலும் 160, வரி முறியா இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். TRIM செய்த பிறகும் `Ramesh` என்ற கட்டத்துக்கு LEN 6 என்று காட்டாமல் 7 என்று காட்டினால் அதுதான் காரணம். முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும்:

```
=PROPER(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

ஆனால் PROPER `KS Murugan` என்பதை `Ks Murugan` ஆக்கிவிடும்; முன்னெழுத்துகளைக் கையால் பார்த்தே தீர வேண்டும்.

செல்வி டீச்சர், சொல்லை முடிவுசெய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒலிப்பை வைத்துக் குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறையில் Lakshmi, Laxmi இரண்டும் L250. நம் Latchumi மட்டும் L325 ஆகித் தப்பிவிடுகிறாள். தொடர்பே இல்லாத Logan என்பவரோ அதே L250-இல் வந்து சேர்கிறார். அது ஆங்கில ஒலிப்புக்காகச் செய்யப்பட்ட முறை. ஆகவே கருவி காட்டுவது சந்தேகத்தை மட்டுமே. ஒரே ஆள்தானா என்பதைப் பிறந்த நாளைப் பார்த்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். "எழுத்துப்போலி" என்றால் லோகனையும் லட்சுமியின் போலி என்று சொன்னதாகிவிடும். "ஐய இணை" என்பது என் பரிந்துரை.

கமலா:
ஐய இணைக்கு என் ஒப்புதல். இதைப் பலகையில் ஒட்டினால் யாரும் புண்பட மாட்டார்கள். தமிழில் தட்டிய பெயர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

ரிஸ்வான்:
உண்டு. `கௌசல்யா`, `கெளசல்யா` இரண்டையும் தேடிப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். ஒருங்குறி இயல்பாக்கமும் இதைச் சேர்க்காது, ஏனெனில் அதன் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள்.

செல்வி:
நன்றி. மூன்று வரிகளை "இணை" என்பது சற்று உறுத்துகிறது. இரண்டிரண்டாக ஒப்பிடுவதால் பொறுத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை "ஐய இணை" என்றே எழுதுவேன். பிறந்த நாள் நிரலைப் பக்கத்தில் வைத்தே பயிற்சி தருவேன்.

இளங்கோவன்:
வகுப்பு நடக்கட்டும். ஆயினும் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். ஐயத்துக்கு உரையாசிரியர்கள் காட்டுவது "குற்றிகொல்லோ மகன்கொல்லோ" என்பது: இருளில் நிற்பது ஒன்று, அது கட்டையா ஆளா என மனம் இரண்டாகப் பிரிகிறது. இங்கே வரிகள் பல, ஆள் ஒருத்தியா என்பது கேள்வி. மேலும் ஐயம் நம்மிடம் இருப்பது, பெயரில் இருப்பதன்று. சரிபார்த்து ஐயம் தீர்ந்த பிறகும் Lakshmi, Latchumi என்ற இரண்டு எழுத்துக்கூட்டல்களும் நிற்குமே, அப்போது அவற்றுக்கு என்ன பெயர்?